பாஸ்புக்கில் ஏறும் பணம், கடையில் இறங்கும் மதிப்பு

சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் களவு போகாது. ஆனால் வட்டியைவிட விலைவாசி வேகமாக ஏறும் வருடங்களில் அதன் வாங்கும் சக்தி குறைகிறது. அந்த இழப்பை எந்தப் பாஸ்புக்கும் காட்டாது.

ஓய்வுபெற்ற ஒருவர் பணிக்கொடையாகக் கிடைத்த 5 லட்சம் ரூபாயை 2022 ஏப்ரலில் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அப்படியே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஸ்டேட் வங்கி கொடுத்த சேமிப்பு வட்டி 2.7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவாயிரத்து சொச்சம் வரவாகும். ஆண்டு முடிவில் இருப்பு சுமார் 5,13,500 ரூபாய். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும்.

அதே 2022-23இல் நாட்டின் சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 சதவீதம் உயர்ந்தது. 5 லட்சத்துக்கு வாங்க முடிந்த அரிசி, பருப்பு, மருந்தை மறுபடி வாங்க 5,33,500 ரூபாய் தேவை. கையில் இருப்பதோ அதைவிட 20,000 குறைவு. வட்டியிலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்து மிஞ்சுவதுதான் உண்மை வருமானம். இவருக்கு அது ஏறக்குறைய மைனஸ் 4 சதவீதம்.

இந்த 6.7 நாட்டின் சராசரி மட்டுமே. மருந்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் அதிகம் செலவிடும் வீட்டில் விலையேற்றம் வேறாக இருக்கும். உங்கள் வீட்டின் சென்ற வருடச் செலவையும் இந்த வருடச் செலவையும் ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும்.

வைப்பு நிதியில் போட்டால் போதுமா? வரியையும் கழித்துப் பார்க்க வேண்டும். 1 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் 7,000 ரூபாய். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 5,600தான் மிஞ்சும். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் உண்மை லாபம் வெறும் 600 ரூபாய் அளவுதான். ஆனாலும் இழப்பு இல்லை என்பது பெரிய விஷயம்.

இதில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. முதிர்வு தேதி கடந்தும் எடுக்காமல், புதுப்பிக்காமல் விட்ட வைப்பு நிதிக்கு, சேமிப்பு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். இது 2021இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. ரசீதில் தானாகப் புதுப்பிக்கும் வசதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுப் பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அதற்கு மேல் உள்ளதை, குறிப்பிட்ட தொகை தாண்டியதும் தானே வைப்பு நிதிக்கு மாறும் ஆட்டோ ஸ்வீப் வசதியில் சேர்க்கலாம். பல வங்கிகளில் இது உண்டு, கேட்டால்தான் தருவார்கள். ஒரே வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு என்பதால், பெரிய தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். விலைவாசியை வெல்வதற்காக மாதம் 5 சதவீதம் தருவதாகச் சொல்லும் நிறுவனத்திடம் மட்டும் போய்விடாதீர்கள்; அங்கே அசலே மிஞ்சாது.