துபாயிலிருந்து சென்னைக்கு ஒரு வேலை மடல்

வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் பொறியாளர்கள் ரெக்ரூட்டருக்கு அனுப்பும் முதல் செய்தி பெரும்பாலும் இரண்டு வரிதான். 'துபாயில் பதினோரு வருட அனுபவம். பயோடேட்டா இணைத்திருக்கிறேன், பொருத்தமான வேலை இருந்தால் சொல்லவும்.' நல்ல அனுபவம் உள்ளவர்களும் இப்படி எழுதிவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள். ரெக்ரூட்டர் முடிவெடுக்கத் தேவையான எதுவும் அந்த இரண்டு வரியில் இல்லை என்பதுதான் காரணம்.

அவருடைய பிழைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். நிறுவனம் அவரிடம் ஒரு பதவியையும் அதற்கான சம்பள வரம்பையும் கொடுத்து ஆள் தேடச் சொல்கிறது. ஆள் சேர்ந்த பிறகுதான் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். அது பொதுவாக அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி இருக்கும். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் போய்விட்டால், வேறு ஆளை இலவசமாகத் தேடித் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு. அதனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் மடலைப் பார்த்ததும் அவருக்கு எழும் கேள்விகள் மூன்று. இவர் எந்தப் படியில் உட்காருவார்? அந்தப் படியின் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வாரா? இரண்டு மாதத்தில் மறுபடி விமானம் ஏறிவிடுவாரா?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்சியில் மெக்கானிக்கல் படித்தவர். சென்னையில் மூன்று வருடம், பிறகு துபாயில் பதினோரு வருடம். ஏசி, பிளம்பிங், தீயணைப்புக் குழாய் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சப் கான்ட்ராக்டரிடம் இப்போது ப்ராஜெக்ட் மேனேஜர். சென்னையில் அதே பெயருள்ள பதவியைக் கேட்டுத்தான் அவர் எழுதத் தொடங்குவார். தவறு அங்கேதான் நேர்கிறது.

துபாயில் ஒரு சிறிய சப் கான்ட்ராக்டரிடமும் ப்ராஜெக்ட் மேனேஜர் இருப்பார், பெரிய மெயின் கான்ட்ராக்டரிடமும் இருப்பார். இருவர் பொறுப்பும் ஒன்றல்ல. இங்கே பெரிய கட்டுமான நிறுவனங்களில் அசிஸ்டன்ட் மேனேஜர், டெபுடி மேனேஜர், மேனேஜர், சீனியர் மேனேஜர், ஏ.ஜி.எம். என்று படிகள் ஏறிப் போகும். ஒவ்வொரு படிக்கும் தனிச் சம்பள வரம்பு. அந்தப் படிக்கட்டில் தன்னை எங்கே வைப்பது என்பதை ரெக்ரூட்டரின் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது. அவர் ஊகித்தால் கீழ்ப்படியில்தான் வைப்பார், அவருக்கு அதுதான் பாதுகாப்பு. பதவிப் பெயரை விட்டுவிட்டு நான்கு விவரங்களைச் சொன்னால் படி தானாகத் தெரிந்துவிடும்: எவ்வளவு மதிப்புள்ள வேலை, நமக்குக் கீழே எத்தனை பொறியாளர்கள், நாம் யாருக்குப் பதில் சொல்கிறோம், மேலே கேட்காமல் எதில் கையெழுத்துப் போடுகிறோம். கடைசி விவரத்தைப் பலரும் எழுதுவதே இல்லை. கீழ் ஒப்பந்தக்காரரின் மாதாந்தர பில்லை நாமே ஒப்புக்கொண்டு அனுப்புகிறோம் என்ற ஒரு வரி, 'குழுவை வழிநடத்தினேன்' என்பதைவிட அதிகம் பேசும்.

'எந்த வேலையானாலும் சரி' என்று எழுதுவது பணிவாகத் தோன்றும். ரெக்ரூட்டரால் அந்த வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விரும்பும் படி ஒன்று, அதற்குக் கீழே ஏற்கக்கூடிய படி ஒன்று. இந்த இரண்டும் மடலில் இருக்கவேண்டும்.

அனுபவத்தின் இடைவெளியையும் நாமே சொல்லிவிடுவது நல்லது. துபாயின் பல கோபுரங்களுக்குக் குளிர்ந்த நீர் வெளியே ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய் வழியே வருகிறது. கட்டடத்துக்குள் வெப்பப் பரிமாற்றி மட்டும் போதும், சில்லர் அறையே தேவையில்லை. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் எழும் தரவு மையங்களில் சில்லர்கள்தான் உயிர்நாடி. பெரிய கோபுரங்களை முடித்துக் கொடுத்தவர் ஒரு சில்லரைக்கூட நிறுவாதவராக இருக்கலாம், இங்கே நேர்காணல் செய்பவருக்கு அது தெரியும். தீயணைப்பிலும் அங்கே துபாய் சிவில் டிஃபென்ஸ் விதிகள், இங்கே 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தமிழ்நாடு தீயணைப்புத் துறையின் சான்றும். மறைத்தால் நேர்காணலில் வெளிப்படும். மடலிலேயே சொன்னால், ரெக்ரூட்டர் அதற்கேற்ற இடத்துக்கு அனுப்புவார்.

அடுத்தது சம்பளம். நம்மவருக்கு மாதம் 18,000 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 24 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 52 லட்சம், அதுவும் வருமான வரி இல்லாமல். 'தற்போதைய சி.டி.சி.' என்ற இடத்தில் இதை எழுதினால், 30 லட்சம் வரம்புள்ள பதவிக்கு அவர் பெயர் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். திர்ஹத்திலேயே எழுதி, அதில் வீட்டு வாடகைப் படி எவ்வளவு என்று பிரித்துக் காட்டி, எதிர்பார்ப்பைத் தனியாக ரூபாயில் சொல்லவேண்டும்.

அந்த ரூபாய்த் தொகை கைக்கு வரும்போது எவ்வளவு ஆகும் என்று முன்பே கணக்குப் போட்டிருக்கவும் வேண்டும். 28 லட்சம் சி.டி.சி.யில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 14 லட்சம் என்று கொள்வோம். நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். 1.68 லட்சமும், பணிக்கொடைக்காக ஒதுக்கும் சுமார் 67,000 ரூபாயும் அந்த 28-க்குள்தான் அடங்கும். நம் பங்கு பி.எஃப். இன்னொரு 1.68 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி வரி சுமார் 3.4 லட்சம். மிச்சம் மாதத்துக்கு ஏறத்தாழ 1,70,000 ரூபாய். சம்பளத்தில் ஒரு பகுதி ஆண்டு இறுதியில் இலக்கைப் பார்த்துத் தரப்படுவதாக இருந்தால் மாதத் தொகை இன்னும் குறையும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்தத் தொகையைப் பார்த்துச் சம்மதித்த பிறகே எதிர்பார்ப்பை எழுதுவது நல்லது. ஆஃபர் கடிதம் வந்த பிறகு பின்வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைத் தாமதமாகப் போட்டவர்கள்.

திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்துக்கு உறுதிமொழி மருந்தாகாது, ஏற்பாடுகள்தான் பேசும். துபாயின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு வரும் ஏப்ரலில் சென்னையில் இடம் கிடைத்துவிட்டது என்ற ஒரு வரியே போதும். அமீரகச் சட்டப்படி நோட்டீஸ் காலம் 30 முதல் 90 நாள் வரை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தன் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்பதையும் சேர்த்துவிடவேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் நம்மவரின் மடல் இப்படி அமையும். அவர் ஆங்கிலத்தில்தான் அனுப்புவார், பொருள் இதுதான்:

'வணக்கம். எம்.இ.பி. துறையில் 14 வருட அனுபவம்: சென்னையில் 3, துபாயில் 11, எல்லாம் ஒப்பந்ததாரர் தரப்பில். இப்போது 4.2 கோடி திர்ஹம், அதாவது சுமார் 100 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு குடியிருப்புக் கோபுரத்தின் எம்.இ.பி. வேலை என் பொறுப்பு. எனக்குக் கீழே 6 பொறியாளர்கள். கம்பெனி டைரக்டருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். கீழ் ஒப்பந்தக்காரர்களின் பில்களை நானே ஒப்புதல் செய்கிறேன். குளிர்ந்த நீர்க் குழாய் அமைப்பிலும் டெஸ்டிங், கமிஷனிங்கிலும் நல்ல அனுபவம் உண்டு. சில்லர் அறை வேலை சென்னையில் ஒரு மருத்துவமனையில் மட்டும் செய்திருக்கிறேன். மனைவி, பிள்ளைகளுடன் ஏப்ரலில் சென்னைக்கே வந்துவிடுகிறேன். பள்ளியில் இடம் உறுதியாகிவிட்டது. நோட்டீஸ் 60 நாள். சீனியர் மேனேஜர் பதவியை விரும்புகிறேன், பெரிய திட்டமானால் மேனேஜர் பதவியையும் ஏற்பேன். இப்போதைய சம்பளம் மாதம் 18,000 திர்ஹம், அதில் வீட்டுப் படி 6,000. எதிர்பார்ப்பு 28 முதல் 31 லட்சம். சென்னைச் சம்பள நிலவரம் பார்த்தே சொல்கிறேன்.'

இதற்கு வரும் பதிலையும் படிக்கத் தெரியவேண்டும். சம்பளச் சீட்டு, பழைய நிறுவனங்களின் அனுபவச் சான்று, துபாய் போவதற்கு முன் இங்கே இருந்த பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் என்று கேட்டால், பெயர் நிறுவனத்துக்குப் போகப்போகிறது என்று அர்த்தம். 'எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா' என்று மட்டும் கேட்டால், அவர் கையில் இருப்பது ஒரு படி கீழே உள்ள பதவி. எந்தப் படி என்று நேராகக் கேட்டுவிடலாம். பதிவுக் கட்டணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடவேண்டும். இந்த மாதிரிப் பதவிகளுக்கு ரெக்ரூட்டருக்குப் பணம் கொடுப்பது நிறுவனம்தான்.