உஷார்! ஐந்து லோடு செங்கல் இறங்கியும் சுவர் பாதியில் நிற்கும்

வீடு கட்ட ஆரம்பித்திருப்பவர்கள் செங்கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "லோடுக்கு 3,000 கல், உங்களுக்கு 15,000 வேண்டும், ஆக அஞ்சு லோடு" என்று லோடுக்காரர் வாய்க்கணக்கில் சொல்வார். நாமும் தலையாட்டிவிடுவோம். ஐந்தாவது லோடு தீர்ந்த பிறகும் லிண்டலுக்கு மேலே சுவர் ஏறாமல் நிற்கும். "வழியில உடைஞ்சுபோச்சு சார், அது சகஜம்தானே" என்பார்கள். உடைவது சகஜம்தான். ஆனால் உடைசல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நஷ்டங்களைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்காமல் "பத்து சதவீதம் கூடப் போடுங்க" என்று ஆர்டர் கொடுத்தால், வராத கல்லுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்போம்.

முதலில் 15,000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் சேம்பர் கல்லை 230 மில்லிமீட்டர் நீளம், 110 அகலம், 70 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய தர நிர்ணயத்திலும் இது ஏற்கப்பட்ட ஓர் அளவு. கலவைக்கு 10 மில்லிமீட்டர் சேர்த்தால், 9 அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 9.7 கல், நாலரை அங்குலச் சுவரில் அதில் பாதி. கதவு, ஜன்னல், லிண்டல் எல்லாம் கழித்த பிறகு 1,350 சதுர அடி 9 அங்குலச் சுவரும் 400 சதுர அடி நாலரைச் சுவரும் உள்ள ஒரு வீட்டுக்கு, முன்னதற்கு 13,100, பின்னதற்கு 1,940. மொத்தம் 15,000 கல். இது சுவரில் உட்கார வேண்டிய முழுக்கல்லின் எண்ணிக்கை. சூளையில் ஏற்றப்படும் எண்ணிக்கை அல்ல. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று நஷ்டங்களில் மிகப் பெரியது உடைசலே இல்லை, அளவு. கல்லின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டரும் உயரத்தில் அரை சென்டிமீட்டரும் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் 220க்கு 65 என்று வரும் கல்லை வைத்து அதே சுவரைக் கட்ட 15,000 போதாது, 16,700 ஆகும். லோடுக்கு 3,000 என்று எண்ணிக்கை சரியாகவே வந்திருக்கும், ஒரு கல்கூட உடைந்திருக்காது, இருந்தும் அரை லோடுக்கு மேல் குறையும். போதாததற்குக் கல் கூடினால் கலவையும் கூலியும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க வல்லுநர் தேவையில்லை. லாரியின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து 20 கல்லை எடுத்து, நீளவாக்கில் இடைவெளியில்லாமல் வரிசையாக வைத்து டேப்பால் அளக்க வேண்டும். 230 மில்லிமீட்டர் கல் என்றால் 4,600 வர வேண்டும். 80 முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான் தர நிர்ணயம் விட்டுக்கொடுப்பது. அதே 20 கல்லை உயரவாக்கில் அடுக்கினால் 1,400 வர வேண்டும், அதில் 40 முன்பின். 4,400 வந்தால் அந்தச் சூளை சிறிய அச்சில் கல் அறுக்கிறது என்று பொருள். ஒரு கல்லை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். தனிக்கல் கூடும், குறையும், இருபதின் கூட்டு பொய் சொல்லாது. இதைச் சூளைக்கே போய் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது நஷ்டம் எண்ணிக்கைக் குறைவு. லாரியில் கல் எப்படி அடுக்கப்படுகிறது என்று பாருங்கள். வெளியே தெரியும் வரிசைகளை எண்ணிப் பெருக்கி 3,000 என்று சொல்வார்கள். உள்ளே நடுவில் குழி விட்டு அடுக்கியிருந்தால் அது இறக்கும்போதுதான் தெரியும், அதற்குள் பாதிக் கல் தரையில் கலந்துவிடும். இதற்கு நல்ல வழி எடைமேடை. அதே லாரியிலிருந்து 20 கல்லை எடை போட்டுச் சராசரி பாருங்கள். 60 கிலோ வந்தால் கல் 3 கிலோ. லாரியின் நிகர எடை 8,700 கிலோ என்று சீட்டு வந்தால் உள்ளே இருப்பது 2,900 கல்தான். ஒரு விஷயம், மழையில் நனைந்த லோடுக்கு இந்தக் கணக்கு ஆகாது. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று தர நிர்ணயமே அனுமதிக்கிறது. மேலே உள்ள கல் நனைந்து உள்ளே உள்ளது காய்ந்திருந்தால் சராசரி எதையும் சொல்லாது.

எடையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. "ஒரே லோடுல நாலாயிரத்து ஐந்நூறு தர்றேன், வாடகை மிச்சம்" என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். 4,500 கல் என்றால் 13.5 டன். 2018இல் உயர்த்தப்பட்ட வரம்புப்படியே ஆறு சக்கர லாரி, வண்டியின் சொந்த எடையும் சேர்த்து 18.5 டன்தான் இருக்கலாம். வண்டியின் எடையைக் கழித்தால் கல்லுக்கு அவ்வளவு இடம் இருக்காது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியில் கீழ் வரிசைகள் பள்ளத்துக்குப் பள்ளம் நசுங்கிக்கொண்டே வரும். வாடகையில் மிச்சமானது உடைசலில் போகும்.

இனி உண்மையான உடைசல். சாலையில் உடைவதைவிட இறக்கும்போது உடைவதே அதிகம். டிப்பரில் தூக்கிக் கொட்டினால் மேல் கல் கீழ் கல்லின் மேல் விழும், முனை சிதையும், பாதியாகப் பிளக்கும். ஆள் வைத்துக் கைமாற்றி இறக்கினால் இறக்குகூலி கூடும், உடைசல் கணிசமாகக் குறையும். என் கருத்தைக் கேட்டால் சேம்பர் கல்லைக் கொட்டவே விடக்கூடாது. வேகாத கல்லாக இருந்தால் எப்படி இறக்கினாலும் உடையும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் துண்டாகக்கூடாது. பத்தில் மூன்று துண்டானால் அந்த லோடுக்கு எவ்வளவு கூடுதல் ஆர்டர் செய்யலாம் என்று யோசிக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

எவ்வளவு கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்பதை முதல் லோடே சொல்லிவிடும், அதை எண்ணினால். இறக்கும்போதே முழுக்கல்லை நீளத்துக்கு 50, உயரத்துக்கு 10 என்று அட்டியாக அடுக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டி 500 கல். ஆறு அட்டி வர வேண்டும். ஐந்து அட்டி முழுதாகவும் ஆறாவதில் 280 கல்லும் வந்ததாக வைத்துக்கொள்வோம். முழுக்கல் 2,780. ஒதுக்கிப் போட்ட துண்டுகளை இணைத்து எண்ணினால் 120 கல் தேறுகிறது. இரண்டும் சேர்த்து 2,900. மீதி 100 வரவே இல்லை, எடைமேடைச் சீட்டும் அதையே சொல்கிறது. "இருநூத்தி இருபது உடைஞ்சுபோச்சு, ஏழு சதவீதம்" என்று மேஸ்திரி சொல்வார். உண்மையில் உடைசல் 4 சதவீதம். அந்த 100 உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. அதை அடுத்த லோடில் வாங்குங்கள், கூடுதல் ஆர்டரில் சேர்க்காதீர்கள்.

உடைந்த 4 சதவீதமும் முழு நஷ்டம் இல்லை. நாலரைச் சுவரின் ஓரத்திலும் கதவு ஜன்னல் பக்கத்திலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு அரைக்கல் வேண்டும். 10 அடிச் சுவரில் 38 வரிசை, ஆக ஓர் ஓரத்துக்கு 19 அரைக்கல். ஒரு வீட்டில் இருநூறு அரைக்கல்லாவது இப்படித் தேவைப்படும். கொத்தனார் முழுக்கல்லை வெட்டி இதைச் செய்தால் வெட்டும்போதும் சில போகும். பாதியாகப் பிளந்த கல்லைத் தனியாகக் குவித்து, "முதல்ல இதைத் தீருங்க" என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் உதவாத பொடிசல் செங்கல் ஜல்லியாகி மொட்டைமாடித் தளத்துக்குப் போகும்.

ஐந்து லோடிலும் 4 சதவீதம் உடைந்தால் 600 கல். அதில் 200 கல் ஒவ்வொன்றும் ஓர் அரைக்கல் தந்தால் 100 முழுக்கல் மிச்சம். உண்மை இழப்பு 500, அதாவது மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். இதை 15,000இன் மேல் கூட்டாமல் வகுத்துப் பாருங்கள், ஏனென்றால் கூடுதலாக வரும் கல்லிலும் உடைசல் இருக்கும். 15,000ஐ 0.967ஆல் வகுத்தால் சுமார் 15,510. கொத்தனார் கையில் வெட்டுப்பட்டு வீணாவதற்கு 250 சேர்த்தால் 15,760. ஐந்து லோடும் இன்னொரு 760 கல்லும். ஆறாவது முழு லோடு தேவையில்லை. 5 சதவீதம் என்று எல்லோரும் வாயில் வைத்திருக்கும் கணக்கும் இதையொட்டித்தான் வரும், ஆனால் கைமாற்றி இறக்கிய, நன்றாக வெந்த, சரியான அளவுக் கல்லுக்கு மட்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த 5 உங்களைக் காப்பாற்றாது.

அந்த 760ஐ முதலிலேயே வாங்கிவிட வேண்டாம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் வேலையை ஒரு மணி நேரம் நிறுத்தி அட்டியை எண்ணுங்கள். மேலே இன்னும் கட்ட வேண்டிய சதுர அடியை அளந்து 9.7ஆல் பெருக்குங்கள், நாலரைச் சுவருக்கு அதில் பாதியால். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கடைசி ஆர்டர். அது 250 கல்லுக்குள் இருந்தால் குட்டியானையில் வந்துவிடும், அந்த வண்டி தாங்குவதே முக்கால் டன்தான். அதற்கு மேல் என்றால் பெரிய வண்டி வாடகையைக் கணக்கில் எடுத்து, கைப்பிடிச்சுவர், செப்டிக் டேங்க் என்று பாக்கி வேலைக்கான கல்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

புரட்டாசிக்குள் இதை முடித்துவிடப் பாருங்கள். ஐப்பசி மழை பிடித்தால் பச்சைக்கல் காயாது, சூளைகள் அறுப்பை நிறுத்திவிடும், இருப்பில் உள்ள கல் விலை ஏறும். வேறு சூளையிலிருந்து வரும் கல் வேறு அளவில் இருந்தால் வரிசை மட்டம் சேராமல் கொத்தனார் கலவையைத் தடித்துப் போட்டுச் சமாளிப்பார். ஆகவே முதல் லோடு வாங்கும்போதே அதே சூளையில் சொல்லி வைத்து, ரசீதில் "முழுக்கல் எண்ணிக்கைக்கே பணம், நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உடைந்தால் மாற்றுக்கல்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கிப் பணத்தை அட்டி எண்ணி முடித்த பிறகு கொடுங்கள்.