தங்கம் சமமானால் யார் முதலில்?

பள்ளி விளையாட்டுப் போட்டியில் நான்கு இல்லங்கள். சிவப்புக்கு 6 தங்கம், 4 வெள்ளி. நீலத்துக்கு 6 தங்கம், 5 வெள்ளி. எக்செல்லில் A நிரலில் இல்லத்தின் பெயரையும், B, C, D நிரல்களில் தங்கம், வெள்ளி, வெண்கல எண்ணிக்கையையும் 2ஆம் வரியிலிருந்து எழுதுங்கள். பிறகு F2 கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=SORTBY(A2:D5,B2:B5,-1,C2:C5,-1,D2:D5,-1)
```

-1 என்றால் பெரியது மேலே. தங்கம் சமமானால்தான் வெள்ளி கணக்கில் வரும். ஆகவே நீலம் முந்தும். அடுத்த ஓட்டத்தில் சிவப்பு வென்றதா? அதன் 6ஐ 7 ஆக்குங்கள். சிவப்பு தானே மேலேறும். Sort பொத்தானை என்றால் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும்.

விடை நான்கு வரிகளுக்குப் பரவும். அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிகூட, `#SPILL!` என்று வரும். அந்தக் கட்டத்தை அழித்தால் பட்டியல் திரும்பிவிடும். எண்களை மட்டும் எப்போதும் மூலப் பட்டியலிலேயே திருத்துங்கள்.