முதலில் திரும்பிய மீன் எது?

கடலுக்கடியில் எடுத்த படங்களில் சின்ன மீன்களின் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். பக்கத்திலிருந்து சூரை ஒன்று பாய்ந்தால் போதும், மொத்தக் கூட்டமும் பளிச்சென்று மறுபக்கம் திரும்பிவிடும். ஒன்றோடொன்று மோதுவதில்லை. ‘திரும்பு’ என்று கட்டளையிட யாரும் இல்லை. அப்படியிருக்க, எல்லா மீன்களுக்கும் ஒரே கணத்தில் எப்படித் தெரிந்தது?

ஒரே கணத்தில் தெரிவதில்லை என்பதுதான் உண்மை. வேகமாகப் படமெடுக்கும் கேமராவில் பதிவுசெய்து மெதுவாக ஓடவிட்டால் அது தெரியும். முதலில் ஒரு மீன் திரும்புகிறது. அதைப் பார்த்து அருகில் உள்ள இரண்டு மூன்று திரும்புகின்றன, அவற்றைப் பார்த்து மற்றவை. திருப்பம் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வேகம் நம் கண்ணுக்கு இல்லை.

பெரு நாட்டுக் கடலில், நம் நெத்திலியின் உறவான அஞ்சோவெட்டா மீன்கள் பெருங்கூட்டமாகத் திரியும். கடல் சிங்கங்கள் அவற்றைத் தாக்கும்போது கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் சோனார் கருவியால் பதிவுசெய்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கலக்கத்தின் அலை வினாடிக்கு ஏழு மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கூட்டத்தைக் கடந்தது. கூட்டம் நகர்ந்த வேகமோ வினாடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. காற்றடிக்கும்போது நெல்வயலில் அலை ஓடுவதைப் போலத்தான் இதுவும். பயிர் நின்ற இடத்தில் நிற்க, அசைவு மட்டும் வரப்பு வரைக்கும் போய்விடுகிறது. எதிரி வந்து சேரும் முன்பே எச்சரிக்கை போய்ச் சேர்கிறது.

இந்த வேகத்துக்கு மீனின் உடலமைப்பு துணைநிற்கிறது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், பின்னால் ஒரு சிறு பகுதி தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். பெரும்பாலான மீன்களுக்கு உடலின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். மீன் வாங்கும்போது உற்றுப்பார்த்தால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பக்கக்கோடு எனப்படும் அதற்குள் இருக்கும் நுண்ணிய மயிர்கள், அருகில் நீந்தும் மீன் தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தை உணர்கின்றன. 1976-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டோனி பிச்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட் இனத்தைச் சேர்ந்த சில மீன்களின் கண்களை மறைத்துக் கூட்டத்தோடு விட்டார்கள். பார்வை இல்லாமலேயே அவை கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின. பக்கக்கோட்டின் நரம்பையும் துண்டித்தபோதுதான் அவற்றால் முடியாமல் போனது.

பயந்து திரும்புவதற்கென்றே மீனின் பின்மூளையில் இரண்டு பெரிய நரம்பணுக்கள் உண்டு. மௌத்னர் அணுக்கள் என்று பெயர். ஆபத்து ஒரு பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கத்து அணு தூண்டப்பட்டு, எதிர்ப்பக்கத் தசைகளைச் சுருங்கச் செய்கிறது. உடல் வில்லாக வளைந்து ஆபத்துக்கு எதிர்த் திசையில் பாய்கிறது. வளைவு தொடங்க வினாடியின் நூற்றில் ஓரிரு பங்கு நேரம் போதும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு மீன் துள்ளினாலே பக்கத்து மீனும் துள்ளும் என்றால், நிழலைப் பார்த்து ஒன்று மிரண்டாலும் கூட்டம் முழுவதும் ஓட வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஓடினால் இரை தின்பது எப்போது? பொய் மிரட்சி எங்கே அடங்குகிறது, மெய்யான மிரட்சி எப்படிப் பரவுகிறது? கூட்டம் திரும்புவதன் நுட்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயன் கூசினின் குழு இதற்கு விடை தேடியது. தூண்டிலுக்கு இரையாக விற்கப்படும் கோல்டன் ஷைனர் என்ற நன்னீர் மீன்களை ஆழமில்லாத தொட்டியில் கூட்டமாக விட்டு, மேலிருந்து படமெடுத்தார்கள். எதிரி எதையும் காட்டவில்லை. எப்போதாவது ஒரு மீன் தானாக மிரண்டு துள்ளும். அந்தக் கணத்தில் ஒவ்வொரு மீனின் கண்ணுக்கும் எந்தெந்த மீன்கள் தெரிந்திருக்கும், எவை மறைந்திருக்கும் என்று கணினியில் கோடு வரைந்து கணக்கிட்டார்கள். பிறகு யார் துள்ளியதைப் பார்த்து யார் துள்ளினார்கள் என்று தொடர்புபடுத்தினார்கள்.

2015-இல் வெளியான முடிவு இது: மீன் கவனிப்பது எத்தனை பேர் மிரண்டார்கள் என்பதை அல்ல, தன் கண்ணுக்குத் தெரிபவர்களில் எத்தனை பங்கு மிரண்டார்கள் என்பதை. தெரிவது நான்கு மீன்கள், அதில் ஒன்று துள்ளினால் அது கால் பங்கு. தெரிவது நாற்பது, அதில் ஒன்று துள்ளினால் நாற்பதில் ஒரு பங்குதான். மற்ற முப்பத்தொன்பதும் அமைதியாக இருப்பதே ஒரு செய்தி. அதனால் கூட்டத்தின் நடுவில் ஒன்று துள்ளினால் பெரும்பாலும் அது அங்கேயே அடங்கிவிடுகிறது. குறைவான அண்டை மீன்களோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கும் மீன்களே மற்றவற்றை எளிதில் மிரளச் செய்கின்றன. பிறரைப் பார்த்து எளிதில் மிரள்பவையும் அவையே. எதிரி முதலில் தென்படுவது பெரும்பாலும் கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவற்றுக்கு என்பதால் இந்த ஏற்பாடு பொருத்தமாகவே அமைகிறது.

அதே குழு நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொன்றைக் கண்டது. இந்த வகை மீனின் தோல் கிழிந்தால் தண்ணீரில் ஒருவித வேதிப்பொருள் கலக்கும். அதை உணரும் மற்ற மீன்கள் ஆபத்து என்று புரிந்துகொள்ளும். அதைத் தொட்டியில் கலந்தபோது மிரட்சி அதிக தூரம் பரவியது. தனி மீனின் கூச்சம் கூடிவிட்டதா என்று பார்த்தால், அதனால் அல்ல. மீன்கள் நெருங்கி வந்துவிட்டன, அதனால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது மாறிவிட்டது. எச்சரிக்கையின் அளவு எந்த ஒரு மீனின் மூளையிலும் இல்லை, மீன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

அப்படியானால் தலைமை என்பதே இல்லையா? அந்தந்தக் கணத்துக்கு உண்டு. முன்னால் இருப்பது திரும்பினால் பின்னால் வருவது தொடர்கிறது. அடுத்த நொடியில் வேறொன்று முன்னால் வந்துவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் ஒரு சிறு மீனின் முன்மூளையை அகற்றிக் கூட்டத்தில் விட்டார். அது பார்த்தது, தின்றது, நீந்தியது. கூட்டத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை. கூட்டத்தில் மற்ற மீன்கள் பாதித் தூரம் பிரிந்து போனாலும் துணை வருகிறதா என்று தயங்கித் திரும்பும். இந்த மீன் தயங்காமல் தன் வழியே போனது. கூட்டம் முழுவதும் அதன் பின்னால் போனது! தலைவனாகும் தகுதி எதுவும் அதற்கு இல்லை. யாரையும் பார்த்துத் திரும்பாததே போதுமாக இருந்தது.

இந்த விதிகள் ஒவ்வொரு மீனாகத் துரத்திப் பிடிக்கும் எதிரிக்கு எதிராக உருவானவை. சூரை பாயும்போது நெருங்குவதும் சேர்ந்து திரும்புவதும் அதைக் குழப்பும், அது குறிவைத்த மீன் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். சுருக்குமடி வலைக்கு முன்னால் அதே பழக்கம் எதிராக வேலைசெய்கிறது. படகு கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டு அடிப்பக்கத்தைக் கயிற்றால் இறுக்கும்போது, மிரண்ட மீன்கள் சிதறி ஓடுவதற்குப் பதில் இன்னும் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க ஒரே வளைப்பில் கிடைப்பதும் எளிது. கடலில் மீன் குறைந்த பிறகும் இந்த வலை நிறைவது இதனால்தான்: மிச்சமிருக்கும் மீன்களும் சேர்ந்தேதான் நீந்துகின்றன. வலை நிறைவதை வைத்துக் கடலில் மீன் போதிய அளவு இருக்கிறது என்று கணக்கிடக் கூடாது.