115 வோல்ட் காட்டிய மீட்டர்

1,000 வாட் ஹீட்டர் ராடு ஒன்றை, 2,000 வாட் தாங்கும் டிம்மர் வழியே இணைத்தேன். ராடின் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து, அது 115 வோல்ட் காட்டும் இடம்வரை குமிழைத் திருப்பினேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அழுத்தம் பாதியானால் திறன் கால்பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அப்படியானால் ராடுக்குப் போவது 250 வாட். ஐந்து லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற 28 நிமிடம் பிடிக்க வேண்டும். ஆனால் 15 நிமிடத்திலேயே ஏறிவிட்டது. ராடுக்குப் போனது 500 வாட்!

டிம்மர் அலையைச் சின்னதாக்குவதில்லை, வெட்டுகிறது. நம் மின்சாரத்தில் ஒவ்வோர் அரைச்சுற்றும் 10 மில்லி விநாடி, அதாவது 180 டிகிரி. அதன் தொடக்கத்தில் டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் மூடியே இருக்கும். நாம் குமிழால் குறித்த கோணம் வந்ததும் திறந்துகொள்ளும். பிறகு மின்னோட்டம் பூஜ்யமாகும்வரை விடாமல் கடத்தும். என் சோதனையில் அது திறந்தது 90 டிகிரியில், சரியாக அலையின் உச்சியில். முன்பாதி போய்விட்டது, அச்சு அசலாக அதே உருவமுள்ள பின்பாதி மிஞ்சியது. அதனால்தான் பாதித் திறன்.

மற்ற கோணங்களுக்குச் சூத்திரம் இது. இதில் α ரேடியனில் இருக்க வேண்டும்:

P = Pmax × (1 − α/π + sin 2α / 2π)

45 டிகிரி போட்டுப் பாருங்கள். கால்பங்கு நேரம் வீணாகியும் 91 சதவீதத் திறன் கிடைக்கும். 135 டிகிரியில் கால்பங்கு நேரம் கடத்தியும் 9 சதவீதம்தான். திறன் அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அலையின் ஓரங்களில் சரக்கு இல்லை, எல்லாம் நடுவில்தான். குமிழின் இரு கோடிகளிலும் எவ்வளவு திருகினாலும் சூடு அவ்வளவாக மாறாததற்குக் காரணம் இதுவே. (குண்டு பல்பில் இந்தக் கணக்கு அப்படியே வராது. இழை ஆறும்போது அதன் மின்தடையும் குறைந்துவிடும்.)

சரி, மீட்டர் ஏன் 115 என்றது? மலிவான மீட்டர் அலையின் சராசரியை அளந்து, அது முழு சைன் அலை என்றே நம்பி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். பாதி அலைக்குச் சராசரியும் பாதி. வெப்பம் தரும் உண்மையான மதிப்பு 230-ஐ 1.414-ஆல் வகுத்தால் வரும் 163 வோல்ட். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ மீட்டர் இதைத்தான் காட்டும்.

மின்னோட்டத்திலும் இதே பிசகு நடக்கும், அங்கேதான் எனக்குக் கவலை அதிகம். சாதாரண மீட்டர் 2.2 ஆம்பியர் என்னும்போது கம்பியில் ஓடுவது 3.1 ஆம்பியர். மீட்டரை நம்பி 2.5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், அது தன் அளவைத் தாண்டிய மின்னோட்டத்தைத் தொடர்ந்து சுமக்க வேண்டியிருக்கும். கம்பியையும் அதே கணக்கில் மெல்லியதாகப் போட்டிருந்தால், நினைத்ததைப்போல இரு மடங்கு சூட்டை அது தாங்க வேண்டியிருக்கும்.