லாபம் இருக்கிறது, பணம் வந்ததா?

அமெரிக்காவின் சன்பீம் நிறுவனம் 1997-ம் ஆண்டுக்கு 10.94 கோடி டாலர் நிகர லாபம் காட்டியது. பார்பிக்யூ அடுப்பு, மிக்ஸர், மின்சாரப் போர்வை விற்கும் பழைய கம்பெனி அது. முந்தைய ஆண்டில் சுமார் 22.8 கோடி டாலர் நஷ்டம். ஆட்குறைப்புக்குப் பேர்போன ஆல்பர்ட் டன்லப் 1996 நடுவில் பொறுப்பேற்ற பிறகுதான் இந்தத் திருப்பம். பங்குச் சந்தை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆனால் அதே ஆண்டறிக்கையில் பணவரத்து அறிக்கையைப் புரட்டியவர்கள் வேறொரு எண்ணைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆண்டு தொழில் நடத்தியதில் கம்பெனிக்குப் பணம் வரவே இல்லை. 82 லட்சம் டாலர் கையைவிட்டுப் போயிருந்தது.

லாபமும் பணமும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சரக்கைக் கொடுத்து பில் போட்டதுமே அது விற்பனை. வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும் லாபம் இன்றே கணக்கில் ஏறிவிடும். இப்படிப் பணமாக மாறாமல் லாபத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பகுதிதான் அக்ரூவல். அதில் நிர்வாகத்தின் கணிப்பு கலந்திருக்கிறது: எவ்வளவு பாக்கி வசூலாகும், எவ்வளவு சரக்கு திரும்பி வரும், எவ்வளவு ஒதுக்கீடு போதும் என்பதெல்லாம். லாபத்தை ஊதிக் காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கை வைக்கும் இடமும் அதுதான்.

இதை அளக்க இரண்டு எளிய கணக்குகள் போதும். செயல்பாட்டுப் பணவரத்தை நிகர லாபத்தால் வகுத்தால் கேஷ் கன்வெர்ஷன் கிடைக்கும். லாபத்திலிருந்து அந்தப் பணவரத்தைக் கழித்து, ஆண்டின் சராசரி மொத்தச் சொத்தால் வகுத்தால் அக்ரூவல் விகிதம். சன்பீமில் முதல் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே. இரண்டாவதில், 10.94 கோடியிலிருந்து மைனஸ் 82 லட்சத்தைக் கழித்தால் 11.76 கோடி, சொத்து சுமார் 110 கோடி, ஆக விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனிக்கு இது மிக அதிகம். தேய்மானச் செலவு லாபத்தைக் குறைக்குமே தவிர பணத்தைக் குறைக்காது என்பதால், அப்படிப்பட்ட கம்பெனியில் பணவரத்து சாதாரணமாக லாபத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அந்தப் பணம் எங்கே முடங்கியது? இருப்புநிலைக் குறிப்பே சொன்னது. விற்பனை 19 சதவீதம் கூடியிருக்க, வசூலாக வேண்டிய பாக்கி 38 சதவீதமும் சரக்கு இருப்பு 58 சதவீதமும் ஏறியிருந்தன. கோடையில் விற்கும் பார்பிக்யூ அடுப்பைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். விலையில் தள்ளுபடி, பணம் தர நீண்ட தவணை. சரக்கையும் அவர்கள் எடுத்துப்போக வேண்டாம், வெளிக் கிடங்கில் கிடக்கும். ஆனால் விற்பனை மட்டும் 1997 கணக்கில். இன்னொரு பக்கம், 1996-ல் தேவைக்கு மேல் செலவு ஒதுக்கீடு காட்டி நஷ்டத்தைப் பெரிதாக்கி, அதை அடுத்த ஆண்டு லாபமாகத் திருப்பிக்கொண்டார்கள். அதிலும் ஒரு காசுகூட உள்ளே வரவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மைனஸ் 82 லட்சம் என்பதுகூட மெருகூட்டப்பட்ட எண்தான். டிசம்பரில் வசூலாகாத பில்களை விற்று 5.9 கோடி டாலர் வாங்கியிருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பற்றாக்குறை 6.7 கோடி, அக்ரூவல் விகிதம் 16 சதவீதம். அதனால் பணவரத்து நன்றாக இருந்தாலும், பாக்கியை விற்று வந்ததா, சப்ளையர்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்து வந்ததா என்று குறிப்புகளைப் படித்துப் பார்க்க வேண்டும். 1998 ஜூனில் டன்லப் நீக்கப்பட்டார். திருத்திய கணக்கில் 1997 லாபம் 3.83 கோடியாகச் சுருங்கியது. 2001-ல் கம்பெனி திவால் மனு போட்டது.

நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இதைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு திருத்தம் தேவை. இந்தியக் கணக்கியல் முறையில், நிதி நிறுவனங்கள் அல்லாதவை கட்டும் வட்டி செயல்பாட்டுப் பணவரத்தில் கழிக்கப்படுவதில்லை. நிதிப் பிரிவில் போகும். லாபம் வட்டி போக வருவது. ஆகவே கடன் அதிகமுள்ள கம்பெனியில் வட்டியையும் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களுக்கு இந்த விகிதங்கள் பொருந்தாது. கடன் கொடுப்பதே அவற்றின் தொழில். வேகமாக வளரும் கம்பெனிக்கு ஓராண்டு பணம் குறைவது இயல்பு. ஐந்தாண்டு லாபத்தைக் கூட்டி, ஐந்தாண்டுப் பணவரத்தைக் கூட்டி ஒப்பிடுங்கள். அப்போதும் பாதிதான் பணமாகியிருக்கிறது என்றால் அந்தப் பங்கை நான் வாங்கமாட்டேன்.

பணத்தையே பொய்யாகக் காட்டினால் இரண்டு விகிதங்களும் ஏமாந்துவிடும். சத்யம் கம்ப்யூட்டர்ஸில் நடந்தது அதுதான். 2009 ஜனவரி 7-ம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதே கடிதத்தில், சேர்ந்ததாகக் காட்டிய வட்டி 376 கோடி ரூபாயும் இல்லாததுதான் என்றிருந்தது. எனவே கையிருப்பு பெரிதாக இருக்கும் கம்பெனியில், அந்த இருப்புக்கு வங்கி தரக்கூடிய வட்டி உண்மையில் பணமாக வந்திருக்கிறதா என்று பணவரத்து அறிக்கையின் முதலீட்டுப் பிரிவில் தேடிப் பாருங்கள்.