இரும்பு எடுக்கும் முன் ஒரு வரி

மருங்காபுரி வட்டத்தில் துவரங்குறிச்சிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர் ஒருவர் கேட், ஜன்னல் கம்பி வேலையை அவரிடம் பேசிவிட்டுப் போகிறார். தொகை, முன்பணம், மீதி எல்லாம் வாய்ப்பேச்சுதான். பட்டறைக்காரர் அன்று இரவே வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்:

“ஐயா, அன்று பேசிய பணம் விஷயத்தை எழுத்தில் உறுதி செய்து தாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் சிக்கல் வரும்.”

இதற்குப் பதில் வராது. தொகையோ தேதியோ இதில் இல்லை. எழுதும் வேலை முழுவதும் எதிராளி தலையில் விழுகிறது. கடைசி வரியோ அவரைச் சந்தேகிக்கிறது. அதையே இப்படி மாற்றி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். 10-ஆம் தேதி பட்டறையில் நாம் பேசியதைக் குறித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு மொத்தம் ரூ.1,80,000, ஜி.எஸ்.டி. தனி. முன்பணம் ரூ.72,000. சரக்கு சைட்டில் இறங்கும் அன்று ரூ.72,000. மாட்டி முடித்து 30 நாளுக்குள் மீதி ரூ.36,000. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். எல்லாம் சரியென்றால் ‘சரி’ என்று ஒரு வரி போடுங்கள். வியாழக்கிழமை இரும்பு எடுக்கப் போகிறேன்.”

இப்போது எழுதியவர் பட்டறைக்காரர். எதிராளிக்கு மிச்சம் ஒரே சொல். “வேலை முடிந்ததும்” என்று விட்டிருந்தால் எது முடிவு என்று பின்னால் வாதம் வரும். “மாட்டி முடித்து 30 நாள்” என்றால் நாளை எண்ணிவிடலாம். ஜி.எஸ்.டி. உள்ளே சேர்ந்ததா, தனியா என்பதும் பில் போடும்போதுதான் சண்டையாகும். ஆகவே அதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கடினம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் தேதி ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். ஆனால் பேசிய தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லித் தராது. அதற்குச் சாட்சி அந்த எழுத்து மட்டுமே.

பதில் வராவிட்டால் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் போனில் பேசி, “அந்த மெசேஜுக்குச் சரி என்று போட்டுவிடுங்கள் ஐயா” என்று கேளுங்கள். அந்த ஒரு சொல் வந்த பிறகே இரும்புக் கடைக்குப் போங்கள். இரும்பை வாங்கி வெட்டிவிட்ட பிறகு, பேரம் பேசும் பலம் உங்கள் கையில் இருக்காது.